அடைப்புக்குறிக்குள் எட்டுப் புள்ளி நான்கு

எங்கள் அத்தானுக்கு மைதானத்தில் ‘கழுத்து’ என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசலில் இருக்கும் நோட்டில் அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் “கழுத்து வந்தாச்சு” என்ற சேதி உடைமாற்றும் அறைவரை போய்விடும். உள்ளே நடுவர்கள் காலுறையை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

என் அக்காவின் கணவர் அவர். வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார். முன்னால் உட்கார்ந்து அவர் கண் சோதிப்பார், பின்னறையில் நான் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவேன். சனிக்கிழமை மாலையில் அவர் கால்பந்து லீக்கின் நடுவர் மதிப்பீட்டாளர். ஊரே பந்தைப் பார்க்கும்போது அவர் மட்டும் விசில் வைத்திருக்கிறவரைப் பார்ப்பார். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் அந்த மனிதர் எடுத்த முடிவுகள் சரியா, சரியான இடத்தில் நின்றாரா, ஆட்டக்காரர்களிடம் எப்படிப் பேசினார், ஆட்டம் அவர் கையில் இருந்ததா என்று எழுதி மார்க் போடுவார். இருபது வருஷம் அவரே நடுவராக ஓடியவர். முழங்கால் போன பிறகு பதினோரு வருஷமாக இந்த வேலை.

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது நான். யோசனையில் இருக்கிறவன் வண்டி ஓட்டக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு நடுவர்களைக் கண்டாலே ஆகாது. ஆடிய காலத்தில் நாலு தடவை சிவப்பு அட்டை வாங்கியிருக்கிறேன். அதில் மூன்று அநியாயம். நாலாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

‘கழுத்து’ என்ற பெயருக்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டு கிளப்காரர்களுக்கும் தெரியும். ஒரு பெனால்டி கொடுத்தவுடன் திரும்பி அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் தலை லேசாக ஆடினால் போதும், “பாத்தியா, அவரே இல்லங்கறாரு” என்று நடுவர் மேல் பாய்வார்கள். அதனால் அத்தான் தலையை ஆட்டுவதே இல்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கும் போகாது. கண் மட்டும் ஓடும். நோட்டுப்புத்தகத்தையும் பார்க்காமலே கிறுக்குவார். கழுத்தில் ஸ்க்ரூ போட்டு முறுக்கியதுபோல இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கத்தவும் கூடாது. அது எனக்குப் பெரிய தண்டனை.

இனி பேக்கரிக்காரர். நான் சொல்லப்போகிற சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை, முழங்கைக்குக் கீழே உலக்கை மாதிரி கை. முப்பத்தொன்பது வயது. நாற்பது தாண்டினால் மேல் டிவிஷனுக்கு எடுக்க மாட்டார்கள். ஆக இதுதான் கடைசி வருஷம். ஐந்து மதிப்பீடுகளின் சராசரி 8.3 வந்தால் மேலே போகலாம். நாலு முடிந்திருந்தது: மூன்றில் 8.3, ஒன்றில் 8.4. ஐந்தாவது அத்தான் கையில்.

இந்த மார்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது. பத்துக்கு என்பது பேச்சுக்குத்தான். 8.3, 8.4 என்றால் நல்ல ஆட்டம். ஆனால் ஆட்டத்தின் முடிவையே மாற்றும் தெளிவான தவறு ஒன்று நடந்துவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் 7.9ஐத் தாண்டக் கூடாது. அந்தத் தவறு இல்லாமலிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். சராசரிக்கு அது சேராது. சும்மா ஆறுதலுக்கு.

அன்றைக்கு அத்தானின் வழக்கமான இடம், நடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பது, கிடைக்கவில்லை. யாரோ விருந்தாளிகள் வந்து நிறைந்திருந்தார்கள். எங்களை இடதுபக்க கோலுக்குப் பக்கத்தில், செங்குத்தான மேல் மாடத்தின் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எட்டிப் பார்த்தால் பெனால்டி கட்டத்தின் மூலை காலடியில் கிடந்தது. இன்னொன்றும் புதிது. நாலு நாளுக்கு முன்னால்தான் அத்தான் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார். அதுவும் அக்காவின் நச்சரிப்பால். “ஊருக்கெல்லாம் ஒரே கண்ணாடில தூரமும் கிட்டயும் தெரியுதுன்னு மாட்டி விடறீங்க. நீங்க மட்டும் ரெண்டு கண்ணாடிய மாத்தி மாத்தித் தேடிக்கிட்டே இருங்க!” நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். ப்ரோக்ரசிவ் லென்ஸ். மேல்பாதியில் தூரம் தெரியும், கீழே இறங்க இறங்கப் படிக்கிற பவர்.

பேக்கரிக்காரர் நன்றாகவே நடத்தினார், என் வாயாலேயே சொல்கிறேன். இருபத்துமூன்றாம் நிமிடம் வேகமாகக் கிளம்பிய ஒரு தாக்குதலைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினவனுக்கு யோசிக்காமல் மஞ்சள் அட்டை. அதோடு இரண்டு பக்கமும் அடங்கியது. முப்பத்தொன்றில் ஃபவுல் ஆன பிறகும் விசில் ஊதாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஓடவிட்டார், அதில் ஒரு கோல் விழுந்தது. அறுபதாவது நிமிடம் உள்ளூர் அணியின் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டிக் குதித்தபோது, ஓடாமல் நடந்து போய், கையை இடுப்புக்கு மேலே தூக்காமல், இரண்டு வாக்கியம் பேசினார். பயிற்சியாளர் போய் உட்கார்ந்துவிட்டார். அத்தானின் பென்சில் நகர்ந்தது. குறை இல்லாமலும் இல்லை. இரண்டு கார்னரில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார், ஒரு தடவை பாஸ் போகிற வழியில் நின்று பந்து அவர் மேலேயே பட்டது. அதுவும் நோட்டில் ஏறியது.

எழுபத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் காலுக்குக் கீழே இருந்த மூலையில் உள்ளூர் ஆட்டக்காரன் பந்தோடு திரும்பினான். பின்னால் வந்தவன் கட்டத்துக்கு வெளியிலேயே சட்டையைப் பிடித்தான். இரண்டு பேரும் இழுபறியாக உள்ளே போனார்கள், முன்னால் போனவன் கோட்டைத் தாண்டி இரண்டடியில் விழுந்தான். பேக்கரிக்காரர் பத்தடி தூரத்தில், பக்கவாட்டில் இருந்தார். விசில். பெனால்டி. பிடித்தவனுக்கு மஞ்சள்.

விதி சுலபம். வெளியே பிடிக்க ஆரம்பித்து உள்ளேயும் விடாமல் பிடித்திருந்தால் பெனால்டி. கோட்டுக்கு முன்னாலேயே விட்டுவிட்டு, இவன் தன் போக்கில் உள்ளே போய் விழுந்திருந்தால் வெளியே ஃப்ரீ கிக்தான். எல்லாம் அந்தக் கை எப்போது விட்டது என்பதில் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு தூண். நான் பார்க்கவில்லை. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்து அசையவில்லை, கண் மட்டும் கீழே போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார்: “78. பிடித்தது வெளியே. உள்ளே கை இல்லை. தெளிவான தவறு.”

பெனால்டி கோலானது. உள்ளூர் அணி இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து அரைமணி கழித்து நடுவர் அறைக்குப் போனோம். நான் கதவோரம் நின்றேன். மார்க் என்ன என்று அங்கே சொல்ல மாட்டார்கள், ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அத்தான் எப்போதும் முதலில் கேட்பார், பிறகுதான் சொல்வார்.

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

பேக்கரிக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “கார்னர்ல ரெண்டு தடவை தப்பான இடத்துல நின்னுட்டேன் சார். மத்தபடி ஓகே” என்றார்.

அத்தான் முப்பத்தொன்றாவது நிமிடத்தைப் பாராட்டினார். பயிற்சியாளரிடம் பேசிய விதத்தைப் பாராட்டினார். கார்னருக்கு எங்கே நிற்கலாம் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்புறம், “எழுபத்தெட்டு?” என்றார்.

“உள்ளயும் பிடிச்சிருந்தான் சார். கைய விடவே இல்ல.”

“கோட்டுக்கு முன்னாடியே விட்டுட்டான்.”

“சார், நான் பத்தடில நின்னேன்.”

“நான் நேர் மேல இருந்தேன்.”

பேக்கரிக்காரர் வாதாடவில்லை. லீக் காமிரா எதிர்ப்பக்கம் இருந்தது, அதில் இரண்டு பேர் முதுகுதான் தெரியும். மதிப்பீட்டாளர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. அவர் ஷூ லேஸைக் குனிந்து அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரே முடிச்சை ரொம்ப நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது, அதுவும் ஒரு நடுவரைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் கம்ப்யூட்டரில் படிவத்தை நிரப்பினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 7.9 (8.4). விரலை விட்டு எண்ணினேன், சராசரி 8.24.

“அத்தான், அந்த ஆளு கதை முடிஞ்சுது.”

“நான் முடிக்கல. எழுபத்தெட்டாவது நிமிஷம் முடிச்சுது.”

“கல்நெஞ்சுப்பா உங்களுக்கு.”

“நெஞ்சுக்குப் படிவத்துல கட்டம் இல்ல மச்சான். நாலு கட்டம்தான். முடிவு, நிக்கற இடம், பேச்சு, கட்டுப்பாடு” என்று சொல்லி அனுப்பு பட்டனை அழுத்திவிட்டார். அனுப்பியதைத் திருத்துவதென்றால் திங்கள்கிழமை மாலை ஆறு மணிவரை திருத்தலாம். பதினோரு வருஷத்தில் அவர் ஒன்றைக்கூடத் திருத்தியது இல்லை.

திங்கள் மதியம் ஒரு டீச்சரம்மா கடைக்கு வந்தார். போன வாரம் ப்ரோக்ரசிவ் வாங்கிப் போனவர். வந்தவுடனேயே படபடவென்று பிடித்துக்கொண்டார்.

“என்னங்க கண்ணாடி குடுத்திருக்கீங்க? மாடிப்படில இறங்கினா படியே தெரியல. எல்லாம் கலங்கலா இருக்கு. நேத்து விழ இருந்தேன்!”

இந்தப் புகார் வாரத்துக்கு மூன்று வரும். அத்தானுக்கு இதற்குப் பாட்டு மாதிரி ஒரு பதில் உண்டு. நான் பின்னறையிலிருந்தே உதட்டை அசைத்துக் கூடச் சொல்வேன்.

“ஒண்ணும் பயமில்லம்மா. கீழ் பாதி படிக்கறதுக்கு. அது வழியா தூரத்துல இருக்கறதப் பாத்தா கலங்கலாத்தான் இருக்கும். கீழ பாக்கணும்னா கண்ணத் தாழ்த்தாதீங்க, தலையத்...”

நின்றுவிட்டார். பின்னறையில் நான் மட்டும் “தாழ்த்துங்க” என்று முடித்தேன். எட்டிப் பார்த்தால், அத்தான் டீச்சரம்மாவின் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்.

“என்னாச்சுங்க?” என்றார் டீச்சரம்மா.

“ஒண்ணுமில்லம்மா. தலையத் தாழ்த்துங்க” என்றார். அவரை அனுப்பிவிட்டுக் கதவில் ‘மூடியுள்ளது’ பலகையை மாட்டினார். மணி மூன்று. “வண்டிய எடு மச்சான்.”

மைதானத்தில் புல் வெட்டுகிறவர் மட்டும் இருந்தார். அத்தான் அதே மேல் மாடத்தில், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கீழே நானும் புல் வெட்டுகிறவரும். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்ட வேண்டும். சில தடவை முன்னாலேயே விட வேண்டும், சில தடவை உள்ளேயும் பிடித்திருக்க வேண்டும். பிடித்தேனா விட்டேனா என்று அத்தான் மேலேயிருந்து சொல்ல வேண்டும். புல் வெட்டுகிறவர் முதல் தடவையே, “ஏங்க, பட்டன் போச்சுன்னா யார் தைக்கறது?” என்று சண்டைக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலே இருந்தவர் சிரிக்கவில்லை.

புதுக் கண்ணாடியோடு, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இறக்கி: பத்தில் ஆறு தப்பு. அதே கண்ணாடியில் தலையைக் குனிந்து: பத்தும் சரி. பழைய தூரக் கண்ணாடியில், கழுத்தை எப்படி வைத்தாலும்: பத்தும் சரி.

மேலே ஏறிப் போனேன். புதுக் கண்ணாடி மடிமேல் இருந்தது.

“அப்போ அவன் பண்ணது சரிதானா?” என்றேன்.

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கலையே.” கண்ணாடியை மடக்கிக்கொண்டே, “பாக்காததப் பாத்தேன்னு எழுதியிருக்கேன். அதுவும் தெளிவானு” என்றார். நாள் முழுக்க கடையில் அவர் எல்லாரையும் கேட்கிற கேள்வி அதுதான்: தெளிவா தெரியுதா? நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

மதிப்பீட்டாளர்களின் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நடுவரின் முடிவு நிற்கும். ஆகவே 7.9ஐ அடித்துவிட்டு அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் போட வேண்டியதுதான். சிக்கல் அதிலில்லை. திருத்தினால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. அக்காவிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“‘மறுபரிசீலனைக்குப் பின்’னு ரெண்டு வார்த்தை போட்டுட்டுப் போங்களேன். கண்ணாடிக் கதையெல்லாம் எதுக்கு? கண்ணாடிக்கடைக்காரருக்கே கண்ணு தெரியலன்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“அதோட உங்களுக்கு மேட்ச் குடுக்கறத நிறுத்திடுவாங்க. சனிக்கிழமை ஆனா என் உசுர வாங்குவீங்க.”

“அவன் தப்புப் பண்ணினான்னு நெனச்சப்போ ரெண்டு வார்த்தையில நான் விடல” என்றார் அத்தான். “நாலு வரி எழுதினேன். இப்போ எனக்கு மட்டும் என்ன சலுகை?”

அக்கா தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். ஐந்து நாற்பதுக்கு அத்தான் அனுப்பினார். அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: “78ஆம் நிமிட நிகழ்வை நான் தெளிவாகப் பார்க்கவில்லை. புதிய லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தேன். அதே இருக்கையில் சோதித்து உறுதி செய்தேன். நடுவரின் முடிவு நிற்கிறது. மதிப்பெண் 8.4. பிழை என்னுடையது.”

இரண்டு வாரம் கழித்து லீக்கிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர்களை மதிப்பிடவும் ஒரு படிவம் உண்டாம், அதுவரை எனக்குத் தெரியாது. திருத்தம் ஏற்கப்பட்டது. அறிக்கை எழுதியவருக்கான மதிப்பெண்: 7.9 (8.5). எட்டுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு அடுத்த பருவத்தில் ஆட்டங்கள் கிடையாது. அதற்கடுத்த பருவத்தில் அத்தானுக்கு அறுபது வயது, அத்தோடு ஓய்வு. நான் கடிதத்தைக் கிழித்திருப்பேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றார். “நானா இருந்தாலும் இதான் போட்டிருப்பேன்.”

“அடைப்புக்குறிக்குள்ள எட்டரை! கொண்டுபோய் ஃப்ரேம் போட்டு மாட்டுங்க” என்றேன். அவர் சிரித்தார். கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் பழைய நோட்டுகளுக்கு அடியில் வைத்தார்.

பேக்கரிக்காரர் கடைக்கு வந்தது அதற்கப்புறம். மேல் டிவிஷன் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. கையில் ஒரு கேக் பெட்டி. அத்தான் அதை வாங்க மறுத்துவிட்டார், அவர் கிளம்பிய பிறகு அக்கா நான்கு வாசல்வரை பின்னாலேயே போய் அதை வாங்கிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

“வீடியோ ஏதாவது கெடச்சுதா சார்?” என்றார் பேக்கரிக்காரர்.

“இல்ல.”

“அப்புறம் எப்படி சார் மாத்தினீங்க?”

“நான் சரியாப் பாக்கல. அதான் மாத்தினேன்.”

பேக்கரிக்காரர் கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தில் சந்தோஷம் பாதியில் நின்றது. “அப்போ... நான் குடுத்தது சரிங்கறீங்களா?”

“எனக்குத் தெரியாது.”

“சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் சார். மூணு வாரமா தூக்கமில்ல. பத்தடில நின்னேன்னு சொல்லிக்கறேன், ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே அந்தக் கை இருந்துச்சா, இல்லையான்னு...”

அத்தான் நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். நான் பின்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு, சொல்லித் தொலைங்களேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்குப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்” என்றார் அத்தான். “பாத்தப்போ என்ன தோணுச்சோ அதுக்குத்தான் ஊதினீங்க. அதுக்கப்புறம் நான் பேசினதையெல்லாம் மறந்துடுங்க.”

புதுப் பருவம் தொடங்கியது. பேக்கரிக்காரரின் முதல் மேல் டிவிஷன் ஆட்டத்துக்கு நாங்கள் டிக்கெட் வாங்கிப் போனோம். நடுக்கோட்டுக்கு மேலே நல்ல இடம். அத்தானின் மூக்கில் பழைய கண்ணாடி. நான்கு வரிசை முன்னால் யாரோ ஒரு புது மதிப்பீட்டாளர் நோட்டும் கையுமாக, எழுதும்போதெல்லாம் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அத்தான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இருபதாவது நிமிடம் பேக்கரிக்காரர் ஒரு ஃபவுல் ஊதினார். கூட்டம் எழுந்துவிட்டது. “ரெஃப்ரிக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கடா!” என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். முன்னால் இருந்த புது ஆள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், அவர் அந்த ஃபவுலைப் பார்க்கவில்லை.

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். “சரியா, தப்பா?”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஆட்டத்தின் நடுவே அந்தக் கழுத்து அசைந்தது. இடமும் வலமுமாக.

“தப்பு” என்றார்.

“தெளிவாவா?”

“தெளிவா.”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கத்துங்களேன் அத்தான். இப்போ கத்தலாமே” என்றேன்.

வாயைத் திறந்தார். ஆனால் எப்படிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.